பெரிய கோயிலைப் பற்றி ஏழு வரிகள்

விக்கிப்பீடியாவில் அன்றாடம் நடக்கும் வேலைகளில் ஒன்று, புகழுரையைக் களைவது. ஒரு கல்லூரியின் பக்கத்தில் "மாணவர்களின் கனவுகளை நனவாக்கும்" என்று யாரோ எழுதிவிட்டுப் போவார்கள். ஒரு மருத்துவமனையின் பக்கத்தில் "கனிவான சேவை, உலகத்தரச் சிகிச்சை" என்று வரும். இவற்றை எடுப்பதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. எழுதியவருக்கு அந்த நிறுவனத்தோடு தொடர்பு இருக்கும் என்பது படித்த உடனே தெரிந்துவிடும். கூலி வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விக்கிமீடியா அறக்கட்டளை 2014-இல் தன் பயன்பாட்டு விதிகளிலேயே சேர்த்துவிட்டது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஊர், கோயில், தலைவர், மொழி என்று நமக்குப் பிரியமானவற்றைப் பற்றிய பக்கங்களில் காசு வாங்காமலே விளம்பரம் எழுதப்படுகிறது. எழுதுகிறவர் அதை விளம்பரம் என்று நினைப்பதும் இல்லை. பெருமையைச் சொல்வதாகத்தான் நினைக்கிறார். அதைத் திருத்தப் போகிறவரும் அதே பெருமையை உணர்கிறவர். அதனால் எதை வெட்டுவது, எதை விடுவது என்று கை தடுமாறும். அப்படி ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு வரி வரியாகப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிப் பல இடங்களில் காணக் கிடைக்கும் வாசகங்களைக் கோத்து, இந்தக் கட்டுரைக்காக நானே எழுதிய பத்தி இது:

"உலகமே வியந்து போற்றும் தஞ்சைப் பெரிய கோயில், மாமன்னர் இராஜராஜ சோழனின் ஒப்பற்ற கலையுணர்வுக்குச் சான்றாக விண்ணை முட்டி நிற்கிறது. கி.பி. 1010-இல் கட்டி முடிக்கப்பட்ட இதன் விமானம் 216 அடி உயரத்துடன் உலகின் மிக உயர்ந்த கோபுரமாகத் திகழ்கிறது. அதன் உச்சியில் 80 டன் எடையுள்ள ஒரே கல் வைக்கப்பட்டுள்ளது. விமானத்தின் நிழல் தரையில் விழாதது இன்றைய பொறியாளர்களையும் திகைக்க வைக்கும் அதிசயம் என்று கூறப்படுகிறது. இராஜராஜன் அமைத்த பிரம்மாண்டமான நந்தி காண்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்கிறது. யுனெஸ்கோ இதை உலகின் தலைசிறந்த பாரம்பரியச் சின்னமாக அறிவித்துள்ளது. வாழ்வில் ஒருமுறையேனும் காண வேண்டிய கோயில் இது."

முதலில் கவனிக்க வேண்டியது, இதில் இல்லாதவை. ஏழு வாக்கியங்களைப் படித்து முடித்த ஒருவருக்கு இது சிவன் கோயில் என்பது தெரியாது. கட்டியபோது இதற்கு என்ன பெயர் இருந்தது என்பதும் தெரியாது. பெரிய கோயிலை அறிந்தவர் அறிந்தவருக்கே எழுதியது போல இருக்கிறது. கலைக்களஞ்சியத்தைத் திறக்கிறவர் பெரும்பாலும் அறியாதவர். கோயம்புத்தூரிலோ கோலாலம்பூரிலோ பள்ளிப் பாடத்துக்காகத் தேடுகிற ஒரு பிள்ளையாக இருக்கலாம். புகழ்ச் சொற்கள் எங்கே அடர்ந்திருக்கின்றனவோ அங்கே தகவல் விடுபட்டிருக்கும் என்பதை எத்தனையோ பக்கங்களில் பார்த்திருக்கிறேன்.

முதல் வரிக்கு வருவோம். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். உலகமே வியக்கிறது என்று யார் சொன்னார்? ஒப்பற்றது என்றால் எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? பதில் கிடைக்காத சொல் போக வேண்டும். பெயரடைகளைப் பிடிப்பது எளிது. தமிழில் புகழ்ச்சி வினைச்சொல்லிலும் ஒளிந்திருக்கும் என்பதைத்தான் புதிதாகத் தொகுக்க வருகிறவர்கள் தவறவிடுகிறார்கள். திகழ்கிறது, மிளிர்கிறது, தலைநிமிர்ந்து நிற்கிறது என்பவையெல்லாம் மேடைப் பேச்சின் வினைகள். "உள்ளது", "ஆகும்" என்று எழுதினால் கலைக்களஞ்சியத்துக்குப் போதும். பட்டப் பெயர்களும் அப்படியே. மாமன்னர், பேரறிஞர், புரட்சி என்று தொடங்கும் அடைமொழிகளை ஓரிடத்தில் "இப்படியும் அழைக்கப்படுகிறார்" என்று பதிவு செய்துவிட்டு, மற்ற இடங்களில் வெறும் பெயரைத்தான் எழுத வேண்டும். "கட்டினார்" என்ற மரியாதை விகுதி இதில் சேராது. அது தமிழின் இயல்பான நடை.

இப்படிக் களைந்தால் முதல் வரியில் எஞ்சுவது, முதலாம் இராஜராஜன் கட்டிய கோயில் என்ற செய்தி மட்டுமே. பக்கம் மொட்டையாகிவிட்டதே என்ற மனக்குறை இங்கேதான் வரும். அந்த இடத்தை நிரப்ப வேண்டியது திருத்துகிறவரின் வேலையில் பாதி. பெரிய கோயில் விஷயத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. கோயிலின் சுவர்களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டுகளை ஹுல்ட்ஸ் படித்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியாகப் பதிப்பித்தார்; அதன் முதல் பகுதி 1891-இல் வந்தது. கோயிலின் பெயர் இராஜராஜீஸ்வரம் என்பது அதில் இருக்கிறது. தான் கொடுத்தவற்றோடு அக்காள் குந்தவையும், தேவியரும், மற்றவர்களும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன மன்னரின் ஆணை இருக்கிறது. கோயில் பணிக்காகக் குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் இருக்கின்றன. இராஜராஜப் பெருந்தச்சன் என்ற தலைமைத் தச்சரின் பெயர் இருக்கிறது. "ஒப்பற்ற கலையுணர்வு" என்ற இரண்டு சொல் இருந்த இடத்தில் இவற்றில் ஏதேனும் ஒன்றை வைத்தாலே வாசகருக்குக் கோயிலின் அளவு புரிந்துவிடும்.

இரண்டாம் வரியில் ஆண்டு, உயரம், ஒப்பீடு என்று மூன்று செய்திகள் இருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும். மன்னர் தம் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைப்பதற்காகச் செப்புக் குடம் கொடுத்தார் என்பதே கல்வெட்டு தரும் செய்தி. 985-இல் அவர் அரியணை ஏறியதைக் கொண்டு கணக்கிட்டு, அது 1010-ஐ ஒட்டியது என்று வரலாற்றாய்வாளர்கள் சொல்கிறார்கள். எனவே குடம் கொடுத்ததற்குக் கல்வெட்டுத் தொகுதியையும், 1010 என்ற ஆண்டுக்கு அந்தக் கணக்கைச் சொன்ன வரலாற்று நூலையும் காட்ட வேண்டும். விக்கிப்பீடியாவில் சான்றை வாக்கியத்தின் முடிவில் இப்படி இடுவார்கள்:

```
விமானத்தின் உச்சியில் வைக்க மன்னர்
செப்புக் குடம் அளித்தார்.<ref>ஹுல்ட்ஸ்,
தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி 2</ref>
```

இதோடு பக்க எண்ணையும் சேர்க்க வேண்டும். அது இல்லாத சான்றை இன்னொருவர் சரிபார்க்க நூல் முழுவதையும் புரட்ட வேண்டியிருக்கும். யாரும் புரட்ட மாட்டார்கள்.

உயரத்தைச் சில நூல்கள் ஏறத்தாழ 60 மீட்டர் என்கின்றன. 216 அடி என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது 66 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பிடித்த எண்ணை, அதாவது பெரிய எண்ணை, எடுத்துக்கொள்ளும் பழக்கம்தான் இங்கே ஆபத்து. இத்தகைய இடத்தில், நேரில் அளந்தவர் யார் என்று தேட வேண்டும். பியர் பிஷார் இந்தக் கோயிலை அளந்து, கட்டடக்கலை வரைபடங்களோடு எழுதிய ஆய்வு நூல் 1995-இல் வெளிவந்திருக்கிறது. சுற்றுலாக் கையேட்டைவிட அப்படிப்பட்ட நூலுக்கு எடை அதிகம். கைக்கு அது எட்டவில்லை என்றால், "ஏறத்தாழ" என்று எழுதி, கையில் உள்ள நூலைச் சான்று காட்டுவது முறை.

"உலகின் மிக உயர்ந்த கோபுரம்" என்பது சோதனைக்கே நிற்காது. பெரிய கோயிலில் உயர்ந்திருப்பது கருவறையின் மேலுள்ள விமானம். கோபுரம் என்பது வாயிலின் மேல் எழுவது. கோபுரங்களை எடுத்துக்கொண்டால் 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட திருவரங்கத்து இராஜகோபுரத்தின் உயரம் 236 அடி என்று சொல்லப்படுகிறது. முதன்மை, மிகப் பெரிய, மிகப் பழைய போன்ற சொற்களைக் கண்டால் முதலில் அதற்கு எதிரான ஒரே ஓர் எடுத்துக்காட்டைத் தேடுங்கள். கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இனி 80 டன் கல். இந்தச் செய்தி இல்லாத பெரிய கோயில் கட்டுரையைப் பார்ப்பது அரிது. சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி யானைகளைக் கொண்டு அந்தக் கல்லை ஏற்றினார்கள் என்ற கதையும் கூடவே வரும். மதிப்புக்குரிய வெளியீடுகள் பலவும் சிகரத்தை ஒரே கல் என்றே எழுதியிருக்கின்றன. ஆனால் இந்தக் கோயிலை நெடுங்காலம் ஆராய்ந்த குடவாயில் பாலசுப்ரமணியன், அது ஒரே கல் இல்லை, பல கற்களைச் சேர்த்து அமைத்தது என்கிறார். இப்போது திருத்துகிறவர் என்ன செய்வது? தமக்குச் சரி என்று படுகிற பக்கத்தை எடுத்துக்கொண்டு மற்றதை அழிக்க அவருக்கு உரிமை இல்லை. இரண்டையும், சொன்னவரின் பெயரோடு, அடுத்தடுத்து வைக்க வேண்டும். நடுநிலை என்பதை எல்லாவற்றுக்கும் சரிபாதி இடம் என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். ஆராய்ந்து எழுதியவரின் சொல்லுக்கும், கேள்விப்பட்டதை எழுதியவரின் சொல்லுக்கும் ஒரே எடை கிடையாது. எந்த நூல் எதை வைத்துச் சொல்கிறது என்று பார்த்து, அந்த அளவுக்குத்தான் இடம் தர வேண்டும்.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. சான்று தேடினால் நாளிதழ்ச் செய்திகள் நிறையக் கிடைக்கும். அவற்றில் சில, விக்கிப்பீடியாவைப் பார்த்தே எழுதப்பட்டவையாக இருக்கும். நாம் எழுதியதை அவர்கள் எடுத்துப் போட, அதையே நாம் திரும்பச் சான்றாகக் காட்டினால், ஆதாரமில்லாத ஒரு வரிக்கு ஆதாரம் பிறந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு என்ற பகுதி இருக்கிறது. எந்தச் சொல் எந்த நாளில் சேர்க்கப்பட்டது என்பதை அதில் பார்க்கலாம். அந்த வரி பக்கத்தில் ஏறிய பிறகு வந்த செய்தி, அதே சொற்களை, அதே வரிசையில், அதே எழுத்துப் பிழையோடு சொன்னால் அந்தச் செய்தியை நம்ப வேண்டாம்.

நான்காம் வரியான நிழல்தான் எனக்குப் பிடித்த வரி, ஏனென்றால் இதில் மூன்று வகைக் கோளாறுகள் ஒன்றாக இருக்கின்றன. முதலாவது, "கூறப்படுகிறது" என்ற சொல். கூறுகிறவர் யார் என்று காட்டாமல் எதை வேண்டுமானாலும் எழுத இந்தச் சொல் இடம் கொடுத்துவிடுகிறது. "ஆய்வாளர்கள் கருதுகின்றனர்", "பலர் நம்புகின்றனர்" என்பவையும் இதே இனம். இவற்றைக் கண்டால் ஆளைக் கண்டுபிடித்துப் பெயரை எழுத வேண்டும். ஆள் இல்லையென்றால் வாக்கியமும் இல்லை. இரண்டாவது, பெயரில்லாத பொறியாளர்களைத் துணைக்கு அழைத்திருப்பது. மூன்றாவது, செய்தியே தவறு.

தஞ்சாவூர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 11 பாகைக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. டிசம்பர் மாத நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே இல்லாமல், தெற்கே 34 பாகை சாய்ந்திருக்கும். 60 மீட்டர் உயரமுள்ள உச்சியின் நிழல் அப்போது மையத்திலிருந்து வடக்கே 40 மீட்டர் வரை நீளும். விமானத்தின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 மீட்டர் சதுரம். மையத்திலிருந்து 15 மீட்டரில் அது முடிந்துவிடுகிறது. ஆக, நிழல் தரையில்தான் விழுகிறது. ஜூன் நண்பகலில் சூரியன் வடக்கே 13 பாகைக்குச் சற்றுக் குறைவாகவே சாய்வதால் உச்சியின் நிழல் 13 மீட்டரோடு, அடிப்பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும். கோடை விடுமுறையில் நண்பகலில் போய் நின்றவர்களுக்கு நிழல் தெரியாமல் போயிருக்கும்; கதை அங்கிருந்து கிளம்பியிருக்கலாம் என்பது என் ஊகம். அதே நாளில் மாலை நான்கு மணி வரை காத்திருந்தால் கிழக்கே நீளும் நிழலில் உட்கார்ந்துவிட்டே வரலாம்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் இந்தக் கணக்கை நான் விக்கிப்பீடியாவில் எழுத முடியாது. எழுதுகிறவர் தாமே ஆராய்ந்து கண்டதை அங்கே வெளியிடக் கூடாது என்பது அடிப்படை விதி. கணக்குச் சரியாக இருந்தாலும் அதேதான். என்னை அனுமதித்தால், தவறான கணக்கோடு வருகிற அடுத்தவரையும் அனுமதிக்க வேண்டிவரும். அங்கே யாருடைய கணக்கைச் சரிபார்க்கவும் ஒரு குழு உட்கார்ந்திருக்கவில்லை. எனவே இரண்டே வழிதான். நம்பத்தகுந்த நூலோ நாளிதழோ இந்தக் கதையை எடுத்துப் பேசி மறுத்திருந்தால், நிழல் விழாது என்ற நம்பிக்கை இருப்பதையும் அது தவறு என்று இன்னார் விளக்கியிருப்பதையும் சான்றோடு எழுதலாம். அது கிடைக்கும் வரை அந்த வரி பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. என் கணக்கைக் கொண்டு ஒரு வரியை நீக்குவதற்குத் தடை இல்லை, சேர்ப்பதற்குத்தான் தடை.

மீதி மூன்று வரிகளில் வேலை குறைவு. இன்று நாம் பார்க்கும் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. இராஜராஜனுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. யுனெஸ்கோ யாருக்கும் தலைசிறந்தது என்ற பட்டம் தருவதில்லை. 1987-இல் பெரிய கோயிலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் அதனோடு இணைத்தது. அவ்வளவுதான் எழுத வேண்டும். கடைசி வரி வாசகருக்குச் சொல்லும் யோசனை. பயணக் கட்டுரையில் அது அழகாக இருக்கும். இங்கே நீக்க வேண்டியதுதான்.

திருத்திய பத்தி இப்படி அமையும். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் வரவேண்டிய சான்று எண்களைப் படிக்க வசதியாக விட்டிருக்கிறேன்:

"தஞ்சைப் பெரிய கோயில், தஞ்சாவூரில் உள்ள ஒரு சிவன் கோயில். சோழ மன்னர் முதலாம் இராஜராஜன் கட்டிய இக்கோயில், கல்வெட்டுகளில் இராஜராஜீஸ்வரம் எனப்படுகிறது. மன்னர் தம் 25-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1010-ஐ ஒட்டி, விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் அளித்தார். விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியிலுள்ள சிகரத்தை ஒரே கல் எனப் பல வெளியீடுகள் குறிப்பிடுகின்றன. பல கற்களால் ஆனது என்கிறார் குடவாயில் பாலசுப்ரமணியன். கோயிலில் பணிபுரிய 400 தளிச்சேரிப் பெண்டுகள் குடியமர்த்தப்பட்டதைக் கல்வெட்டு பதிவு செய்கிறது. முன்புறமுள்ள பெரிய நந்தி நாயக்கர் காலத்தைச் சேர்ந்தது. யுனெஸ்கோ 1987-இல் இக்கோயிலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது."

இதைச் சேமிக்கும் முன் தொகுப்புச் சுருக்கத்தில் என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். "புகழுரை நீக்கம், சான்று சேர்ப்பு, நந்தியின் காலம் திருத்தம்" என்று எழுதினால் போதும். வெறுமனே அழித்துவிட்டுப் போனால் பார்ப்பவர்களுக்கு அது நாசவேலை போலத் தோன்றும். பத்தி முழுவதையும் ஒரே சேமிப்பில் மாற்றாமல், வாக்கியத்துக்கு ஒன்றாக மாற்றுவது என் வழக்கம். யாருக்காவது நந்தி பற்றிய திருத்தத்தில் மட்டும் மறுப்பு இருந்தால் அதை மட்டும் பின்வாங்கலாம், மற்றவை தப்பிக்கும்.

மறுப்பு நிச்சயம் வரும். பழைய பத்தி மறுநாளே திரும்பி வந்திருக்கும், பேச்சுப் பக்கத்தில், "ஐயா, சோழர் பெருமையை ஏன் குறைக்கிறீர்கள்?" என்று கேட்டிருப்பார்கள். கேட்கிறவர் அந்தக் கோயிலை நேசிக்கிறவர் என்பதை மறந்துவிடக் கூடாது. விதி எண்ணைச் சொல்லி வாயை அடைத்தால் அவர் போய்விடுவார். அவருக்குத் தெரிந்ததும் அவரோடு போய்விடும். மாறி மாறி அழித்துக்கொண்டிருப்பதும் உதவாது. 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பழைய நிலைக்கு மாற்றினால் தடை விதிக்கலாம் என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் விதியே வைத்திருக்கிறார்கள். அவரிடம் கேட்க வேண்டியது, "உங்களிடம் இந்தக் கோயிலைப் பற்றி என்ன நூல் இருக்கிறது, அண்ணா?" என்பதுதான்.

இந்தக் கேள்விக்குப் பிறகுதான் பக்கங்கள் வளர்வதைப் பார்த்திருக்கிறேன். ஒருவரிடம் ஊர் வரலாற்று நூல் இருக்கும்; இன்னொருவர் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் வரக்கூடியவராக இருப்பார். பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட திருச்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியப் பூச்சுக்குக் கீழே சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். நம் ஏழு வரிகளில் இதற்கு இடமே இல்லாமல் போயிருந்தது. "ஒப்பற்ற" என்ற சொல்லுக்காக வாதாடுகிறவரிடம் இந்தச் செய்தியைச் சான்றோடு சேர்க்கச் சொன்னால், பெரும்பாலும் சேர்த்துவிடுவார். "எழில் கொஞ்சும் ஓவியங்கள்" என்றுதான் முதலில் எழுதுவார். எழிலை எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடலாம்.